நிழலில் காய்ந்த சட்டை

ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் சேலையை முதலில் சகாயமேரியின் தோளில்தான் பார்ப்பார்கள். கடைவீதியில் அவள் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் ஆறு பெண்கள் விற்பனைக்கு உட்கார்ந்தாலும், மாம்பழ மஞ்சளோ மயில் பச்சையோ, எந்த நிறமானாலும் தன்மேல் போட்டு அழகாக்கிக் காட்டுவது அவளுக்குத்தான் கைவந்த கலை. கொசுவத்தை நொடியில் மடித்து இடுப்பில் செருகுவாள். முந்தியை இடது தோளில் வீசி, கையை நீட்டி, கல்யாணப் பெண் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவாள். தாட்டியான உடம்பு, மாநிறம், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசு. "எங்க பொண்ணு கட்டுனாகூட இப்டி வராது" என்று சொல்லிக்கொண்டே பணத்தை எடுக்கிற அம்மாக்கள் எத்தனையோ பேர்.

அப்படிப்பட்டவளின் தோளிலிருந்து ஒரு சேலையை ஒருத்தி இரண்டு விரலால் கழற்றிக் கீழே வைத்தாள். ஆடி கடைசி. ஆவணி முகூர்த்தத்துக்குப் பெரணமல்லூரிலிருந்து வந்திருந்த கூட்டம். பெண்ணின் அத்தை சேலையின் உடலைத் தடவிப் பார்க்கக் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்து, தன் முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள். "வேற காட்டச் சொல்லுங்க" என்று பக்கத்தில் இருந்த இன்னொரு விற்பனைப் பெண் சரண்யாவைப் பார்த்துச் சொன்னாள். சகாயமேரி எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள்.

சாயங்காலம் கடையின் முதலாளியம்மா அபிதகுசாம்பாள் கூப்பிட்டனுப்பினார். அறுபது வயதுக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர், அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

"மேரி, தப்பா நெனைக்காத. உன்மேல போட்டுக் காட்ன சேலையில வாட வருதுன்னு ரெண்டு பேர் சொல்ட்டாங்க. பட்டு ஒரு தடவ வாட புடிச்சா போவாது, உனக்குத் தெரியாததா."

"தெரியும்மா."

"முகூர்த்த நேரம். இன்னொருத்தர் சொல்லிட்டா, நீ மேல மடிப்புக்குப் போய்க்க. சம்பளத்துல ஒண்ணும் கொறையாது."

மடிப்பு என்றால் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. விரித்துக் காட்டிய சேலைகளை மறுபடி மடித்துப் பெட்டியில் போடுகிற வேலை. சம்பளம் குறையாது, மனுஷ முகம்தான் இருக்காது. சகாயமேரி "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கோட்டை மைதானத்துப் பக்கமாகப் போகிற வழக்கமான வழியை விட்டு, யார் பக்கத்திலும் நடக்காமல், சந்து சந்தாக வீட்டுக்குப் போனாள். எதிரில் வருகிறவர்களெல்லாம் ஒதுங்கிப் போவதுபோல அவளுக்குத் தோன்றியது. உண்மையில் சைக்கிளுக்கு ஒதுங்கியிருப்பார்கள். வெட்கம் வந்துவிட்டால் கண்ணுக்கு அதெல்லாம் தெரிவதில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்தாள். ஓட்டம்.

சகாயமேரி பிறந்தது வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்குச் சர்க்கரை. முதலில் கால்விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா இல்லாத பாதத்தைச் சொறியக் கையை நீட்டியதைப் பார்த்தவள் அவள். போன வருஷம் தனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மருந்து வேண்டாம், உடம்பை அசைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னபோது, அந்தக் கைதான் கண் முன்னால் வந்தது. மறுநாளே கோட்டை மைதானத்தில் நடக்க ஆரம்பித்தாள். நடை வேக நடையானது. சித்திரை வாக்கில் ஓட்டமானது. மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருக்கும் கனிமொழி அங்கே தினமும் ஓடுவாள். சகாயமேரி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரித்து, ஒரு நாள் நீல நிற ஓட்டச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "போட்டுக்கக்கா. வேர்வைய உறிஞ்சி வெளிய தள்ளிடும்."

வழுவழுப்பான துணி. கையில் எடுத்தால் எடையே இல்லை. பட்டுக்கடைக்காரி விரலுக்கு அது பட்டின் சித்தப்பா பிள்ளைபோல இருந்தது. போட்டு ஓடினாள். ஆரணியில் கோடை மழைக் காலத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முந்தின ராத்திரி மழை பெய்துவிட்டு, காற்று ஒரு இலையைக்கூட அசைக்காது. வேர்வை காய்வதற்கு இடமே இல்லாமல் காற்று ஏற்கெனவே நனைந்திருக்கும். அதில் எந்தச் சட்டை போட்டாலும் குளுகுளு என்று இருக்காது. ஆனால் இந்தச் சட்டை உடம்போடு ஒட்டி இழுக்கவில்லை. வேர்வை ஒரே இடத்தில் தேங்காமல் பரவியது. வீட்டுக்கு வந்து அலசித் தொங்கவிட்டால் கடைக்குக் கிளம்புவதற்குள் பாதி காய்ந்திருக்கும். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அதே சித்திரையில்தான் கடையிலும் புதுச் சீருடை கொடுத்தார்கள். மெரூன் நிறத்தில் நைலக்ஸ்போல வழுக்குகிற சேலை, அதே துணியில் ரவிக்கை. கசங்காது, கஞ்சி வேண்டாம், தேய்க்க வேண்டியதே இல்லை என்று முதலாளியம்மாவே பார்த்து எடுத்தது.

ஒரு மாதம் போனதும் ஓட்டச் சட்டை நாற ஆரம்பித்தது. துவைத்துக் காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஓடி உடம்பு சூடானதும் அக்குளிலிருந்து கிளம்பும். புளித்த மாவும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம். இதை நினைத்துப் பார்த்துத்தான் சகாயமேரி தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஓடி ஓடி உடம்பு வேர்வையிலேயே ஊறிவிட்டது; குளித்தாலும் போகாத நாற்றம் வந்துவிட்டது; அதுதான் கடையில் பட்டிலும் ஏறுகிறது.

புருஷன் டேவிட்ராஜிடம் கேட்டாள். அவன் களம்பூரில் அரிசி ஆலையில் புழுங்கல் தொட்டிப் பக்கம் வேலை செய்கிறவன்.

"ஏங்க, எம்மேல வாட வருதா? கிட்ட வந்து பாத்து சொல்லுங்க."

அவன் கழுத்தருகே முகத்தைக் கொண்டுவந்து நன்றாக இழுத்தான். "நெல்லு அவிக்கிற வாசனதான் வருது."

"அது உங்க சட்ட."

"அப்ப உன்மேல ஒண்ணும் இல்ல. அப்டியே வந்தாலும் ஓடறத ரெண்டு மாசம் நிறுத்தேன். இன்னா கொறஞ்சி பூடுது?"

என்ன குறைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாது. மாமியார் காலை எடுத்தபோது அவன் இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை.

ஓட்டத்தை விடாமல் சட்டையை விடலாம் என்று முடிவு செய்தாள். டேவிட்ராஜின் பழைய பருத்தி டீஷர்ட் ஒன்று இருந்தது. முதல் நாள் மெத்தென்று இருந்தது, சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். மூன்றாவது சுற்றில் முதுகு முழுக்க நனைந்தது. ஐந்தாவது சுற்றில் சட்டை தண்ணீரில் முக்கியதுபோல கனத்துத் தொங்கியது. பருத்தி வேர்வையை நன்றாகத்தான் குடிக்கும், குடித்ததை விடாது. ஈரத் துணி கையை வீசும்போதெல்லாம் அக்குளை உரசிக்கொண்டே இருந்தது. நாற்றம் மட்டும் அவ்வளவாக இல்லை, அதை அவள் கவனித்தாள். ஆனால் ஒரு வாரத்துக்குள் இரண்டு அக்குளும் தோல் வழன்று, சுள்ளென்று எரிந்தது. கடையில் முந்தியை வீசக் கையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. கையைப் பாதி தூக்கிக் காட்டிய சேலையை எவள் வாங்குவாள்? சட்டையும் வீட்டுக் கொடியில் நாள் முழுக்கத் தொங்கினாலும் மறுநாள் காலையில் தையல் ஓரங்களில் ஈரம் மிச்சம் இருக்கும். அந்த ஈரத்தையே போட்டுக்கொண்டு ஓடுவாள். முதுகெல்லாம் வேர்க்குரு.

மறுபடி நீலச் சட்டைக்கே போனாள். இந்தத் தடவை மணக்க மணக்கப் போட்டுக்கொள்ளலாம் என்று, துவைத்த பிறகு துணிகளுக்கு வாசனையும் மென்மையும் தருகிற திரவத்தில் தாராளமாக முக்கி எடுத்தாள். இரண்டு மூடிக்குப் பதில் அரை டம்ளர். சட்டை ரோஜாப்பூ மாதிரி மணந்தது, இரண்டு சுற்றுவரை. அதற்குப் பிறகு ரோஜாவும் நாற்றமும் சேர்ந்து, தனி நாற்றமே தேவலை என்று ஆக்கிவிட்டன. அது மட்டுமா, வேர்வை இப்போது பரவவும் இல்லை. துணிக்குள் போகாமல் முதுகில் வழிந்து இடுப்பில் இறங்கியது. சட்டையும் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்தாள். அன்றைக்கு மைதானத்தின் ஓரத்தில், யாரும் தன் பக்கம் வந்துவிடக்கூடாது என்று, எல்லோரும் போகிற திசைக்கு எதிர்த்திசையில் தனியாக ஓடிவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து ஓடப் போகவில்லை.

ஓடாத நாட்கள் ஓடிய நாட்களைவிட மோசமாக இருந்தன. காலையில் எழுந்து சும்மா உட்கார்ந்தால் பாதம் மரத்ததுபோல இருக்கும்; உண்மையிலேயே மரக்கிறதா, பயத்தில் மரக்கிறதா என்று தெரியாது. ஊசியால் குத்திப் பார்த்துக்கொள்வாள். வலித்தால் நிம்மதி. கடைக்குப் போகும் முன் இரண்டு தடவை குளித்தாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர், வாசனை சோப்பு, பவுடர். ஓட்டம் இல்லை, வேர்வை இல்லை. இனி வாடைக்கு வேலை இல்லை என்று நம்பி, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள், மதியம் கூட்டம் அதிகமாகி ஏசி திணறிய ஒரு நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரண்யா முழங்காலை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சகாயமேரி அவளைப் பிடித்துக்கொண்டாள். "மறைக்காத சொல்லு. வருதா?"

சரண்யா சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வருதுக்கா. காலையில வரும்போது ஒண்ணுமே இல்ல. மத்தியானத்துக்கு மேலதான்."

"நான் ஓடி ஆறு நாளாவுது."

"அதான்க்கா எனக்கும் புரியல."

சகாயமேரிக்கு அழுகை வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. ஓட்டம் இல்லையென்றால், பிறகு அவளேதான். அவள் உடம்பேதான். சர்க்கரை உள்ளே புகுந்து நாற ஆரம்பித்துவிட்டதோ? அம்மாவின் காலில் புண் வந்தபோது அறையெல்லாம் வந்த வாடை நினைவுக்கு வந்தது. கையைக் கழுவிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தவள், அன்று சாயங்காலம் வரை ஒரு சேலையைக்கூடத் தன்மேல் போட்டுக் காட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் கனிமொழி நின்றுகொண்டிருந்தாள். ஆள் ஏன் மைதானத்துப் பக்கமே காணோம் என்று பார்க்க வந்தவள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். காற்றோட்டம் இல்லாத உள்ளறையில், ஜன்னலுக்கு எட்டாத மூலையில், ஒரு கொடி. அதில் நீலச் சட்டையும் இரண்டு மெரூன் ரவிக்கையும் தொங்கின.

"இன்னாக்கா, சட்டைய எதுக்கு இருட்டுல போட்டு வச்சிகிற?"

"நெழல்லதானே காயப்போடணும்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? வழுவழுன்னு இருக்குது, வெயில்ல போட்டா சாயம் பூடும், இழை வெட்டிடும். நான் ஷாம்பு போட்டுதான் அலசறேன். பச்சத் தண்ணி. முறுக்கவே மாட்டேன்."

கனிமொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இது பட்டில்ல. பாலியெஸ்டரு. பட்டுக்குப் பாக்கற பக்குவமெல்லாம் இதுக்குப் பாத்தா எப்டி? ஒடம்பு எண்ண எல்லாம் இந்த நூல்ல போய் ஒட்டிகினு இருக்கும். சோப்புத் தூள்ல, உள்பக்கத்த வெளிய திருப்பி, நல்லா ஊறவச்சி கசக்குனாதான் போவும். அப்றம் வெயிலு, காத்து. அந்த வாசனத் தண்ணிய தொடவே தொடாத, அது நூல மூடிகினு வேர்வைய உள்ள வுடாது. எங்க ஸ்டேஷன் புள்ளைங்க சட்டையெல்லாம் நாறுனா நான் இதத்தான் சொல்லுவேன்."

சகாயமேரி சிரிக்கவில்லை. பதினேழு வருஷமாகப் பட்டில் கை வைத்தவள். வழுக்குகிற துணி எது கையில் கிடைத்தாலும் விரல் தானாகவே பட்டுக்கான மரியாதையைச் செய்துவிடுகிறது. அதை நினைத்து அவள் நொந்துகொள்ளவும் இல்லை. அவள் பார்வை நீலச் சட்டையைத் தாண்டி, பக்கத்தில் தொங்கிய ரவிக்கைமேல் நின்றுவிட்டது. அதுவும் வழுவழுப்புதான். அதையும் ஷாம்பு போட்டுத்தான் அலசுகிறாள். அதே இருட்டுக் கொடி.

ரவிக்கையை எடுத்து முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. நீலச் சட்டையை முகர்ந்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. அதுதான் அந்தச் சட்டையின் புத்தி: உடம்பு சூடு ஏறினால்தான் பேசும். இஸ்திரிப் பெட்டியை மாட்டி, ரவிக்கையின் அக்குளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மேலே ஈரத் துணி போட்டு அழுத்தினாள்.

ஆவியோடு கிளம்பியது. கனிமொழி இரண்டடி பின்னால் போனாள்.

"இதான்," என்றாள் சகாயமேரி. "இதேதான்."

ஓட்டத்துக்குச் சட்டையைப் போடுவது காலையில் ஒரு மணி நேரம். ரவிக்கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பத்து மணி நேரம். முகூர்த்தக் கூட்டத்தில் உடம்புச் சூட்டில், அக்குளில் ஒட்டிக்கொண்டு, அது நாள் பூராவும் இஸ்திரி ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷமே பயம் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. சீருடை முதலாளியம்மா எடுத்தது. நாறுவது நான் இல்லை, நீங்கள் எடுத்த துணி என்று அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை சரண்யாவின் மாற்று ரவிக்கையையும் வாங்கிக்கொண்டாள். சரண்யா முதலில் முகம் சுளித்தாள்; தன்னுடையதிலும் அது இருக்கும் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. கடை மாடியில், மடிப்பு அறையில், சேலைக்கு இஸ்திரி போடுகிற மேஜை உண்டு. முதலாளியம்மா கணக்கு முடித்துவிட்டு மேலே வருகிற நேரமாகப் பார்த்து, சகாயமேரி போய் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு காட்டணும். கோவப்படக் கூடாது."

மூன்று ரவிக்கை. தன்னுடையது, சரண்யாவுடையது, அலமாரியில் இன்னும் யாரும் போடாமல் பிரிக்காத பையில் இருந்த புதியது ஒன்று. புதியதின்மேல் முதலில் நீர் தெளித்துப் பெட்டியை வைத்தாள். அபிதகுசாம்பாள் குனிந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு சரண்யாவுடையது. பிறகு தன்னுடையது. தன்னுடையதில் பெட்டியை வைக்கும் முன் சகாயமேரி அபிதகுசாம்பாளின் முகத்தைப் பார்த்தாள். இதில் மட்டும் மற்றதைவிட அதிகமாக வந்துவிட்டால்?

இரண்டிலும் ஒரே வாடைதான் வந்தது. அபிதகுசாம்பாள் மூக்கை மூடவில்லை. ரவிக்கையின் அக்குள் பக்கத்தை உள்ளிருந்து வெளியே திருப்பிப் பார்த்தார்.

"தொவைக்கிறதுல தப்பா?"

"என் தொவைப்பும் தப்புதான்மா. பட்டுன்னு நெனச்சிகினு நெழல்ல போட்டேன். நம்ம புள்ளைங்க எல்லாருமே அப்டிதான் போடறாங்க. ஆனா நல்லா தொவைச்சாலும், நாள் முழுக்க போட்டுகினு உக்காந்தா இந்தத் துணி வாடைய புடிச்சிக்கும். ஓடறதுக்கு இது நல்லது, கனக்காது, ஜல்தியா காஞ்சிரும். உக்காந்து வியாபாரம் பண்ண ஆவாதும்மா."

"முன்ன பருத்தி ரவிக்கதானே. அக்குள்ல ஈரம் திட்டுத் திட்டாத் தெரியுதுன்னுதான் இத எடுத்தேன்."

"ஈரம் தெரியும்மா. நாறாது அவ்ளோ."

அபிதகுசாம்பாள் மேஜையில் கிடந்த மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "சேலை இதே இருக்கட்டும். ரவிக்கைக்கு இதே மெரூன்ல டூ பை டூ பருத்தித் துணி எடுத்து எல்லாருக்கும் தைக்கக் குடுத்துடறேன். அதுவரைக்கும் அவங்கவங்க பருத்தி ரவிக்கையே போட்டுகினு வாங்க, நெறம் மாறுனா பரவால்ல." படிப்பக்கம் இரண்டடி போனவர் திரும்பினார். "நீ கீழ உன் எடத்துல போய் உக்காரு."

சகாயமேரி போகவில்லை. இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அப்ப நான் ஓடலாமா?"

அபிதகுசாம்பாளுக்குப் புரியவில்லை. "எங்க ஓடற?"

"காலையில. கோட்டை மைதானத்துல. சர்க்கரைக்கு. இந்த வாடைக்கு பயந்துதான் நிறுத்திட்டேன்."

"நீ ஓடறதே எனக்கு இப்ப நீ சொல்லித்தான் தெரியும். நான் எங்க உன்ன ஓடாதன்னேன்?"

சொல்லவில்லைதான். யாருமே சொல்லவில்லை. முதலாளியம்மா சொன்னது சேலையைப் பற்றி. புருஷன் சொன்னது போகிற போக்கில். அவள்தான் தன் உடம்பைக் கூண்டில் ஏற்றி, விசாரிக்காமலே குற்றவாளி என்று சொல்லி, தனக்கு உயிராக இருந்த ஒன்றைத் தண்டனையாகப் பிடுங்கிக்கொண்டாள். அது தெரிந்ததும் சகாயமேரி அந்த மடிப்பு அறையில், பட்டுச் சேலைகளின்மேல் ஒரு சொட்டும் விழுந்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுதாள்.